பிளக்கின் நிறம் சாட்சி சொல்லாது

பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் நுனிப் பீங்கான் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும், இன்ஜினின் நிலை முழுவதும் தெரிந்துவிடும் என்பது திருவல்லிக்கேணிச் சந்துகளில் உள்ள மெக்கானிக் கடைகள் முதல் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகள் வரை யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், மிக்சர் ரிச். வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், மிக்சர் லீன், பிஸ்டனுக்கு ஆபத்து. பிஸ்கட் நிறத்தில் இருந்தால் டியூனிங் கச்சிதம், இன்ஜின் ஆரோக்கியம். இந்த மூன்று வரித் தீர்ப்பை வைத்துத்தான் ஏர் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள், ஜெட்டை மாற்றுகிறார்கள், பழைய வண்டிக்கு விலை பேசுகிறார்கள். இந்தத் தீர்ப்பு இன்றைய பெட்ரோலுக்கும் இன்றைய வண்டிக்கும் பொருந்தாது. பொருந்தாததை நம்புவதால் நல்ல இன்ஜின்கள் கெடுகின்றன.

நம்பிக்கைக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுவோம். இது மூடநம்பிக்கையாகப் பிறக்கவில்லை. பந்தயக்காரர்களிடமிருந்து வந்த ஒழுங்கான சோதனை இது. புது பிளக் ஒன்றைப் போட்டு, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நீண்ட நேர்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து ஓட்டி, அதே வேகத்தில் கிளட்சைப் பிடித்து இன்ஜினையும் அணைத்து, வண்டியை உருளவிட்டு நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். சோழவரம் விமான ஓடுதளம் போன்ற இடம் இருந்தால் இதைச் செய்யலாம். 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் செய்யலாம். அப்போதும் தேர்ந்தவர் பார்ப்பது பீங்கானின் நுனியை அல்ல. உலோக உறைக்குள் பீங்கான் ஆழமாக இறங்கும் அடிப்பகுதியில் படியும் மெல்லிய கரி வளையத்தைத்தான் பார்ப்பார். அதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். சில சமயம் உறையையே அறுத்துப் பார்க்க வேண்டும். அத்தனையும் செய்து கிடைப்பது ஒரே ஒரு பதில்: முழு ஆக்சிலரேட்டரில் மெயின் ஜெட் ஏறக்குறையச் சரியா, இல்லையா என்பது. அந்தச் சோதனையின் நிபந்தனைகள் ஒவ்வொன்றையும் கைவிட்டுவிட்டு அதன் தீர்ப்பை மட்டும் சந்துக்குள் எடுத்து வந்ததுதான் தவறு.

முதல் மறுப்பு. பிஸ்கட் நிறம் எங்கிருந்து வந்தது? பிளக்கின் பீங்கான் அலுமினா. அது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வெள்ளை. அதில் தெரியும் எந்த நிறமும் மேலே படிந்த பொருளின் நிறம்தானே தவிர, நெருப்பின் தரம் பீங்கானில் எழுதிவிட்டுப் போன குறிப்பு அல்ல. அந்தக் காலத்தில் படிந்தது ஈயம். இன்ஜின் தட்டாமல் இருக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள்; எரிந்தபின் ஈய உப்புகள் பீங்கானில் படிந்து இளம்பழுப்பாகவும் சாம்பலாகவும் தெரிந்தன. கூடவே இங்கே ஓடியவற்றில் பெரும்பங்கு டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 உட்பட எல்லாமே பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரித்தன. ஈயமும் ஆயிலும் சேர்ந்து தீட்டிய நிறத்தைத்தான் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் சரியான மிக்சரின் நிறம் என்று மனப்பாடம் செய்தார்கள்.

அந்த ஈயம் இன்று இல்லை. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது; 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது கரி விடாமல் எரியும். படிவதற்கு இருந்த பொருள் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. ஆகவே நல்ல நிலையில் உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியின் பிளக் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் வெளிறியே இருக்கும். அதைப் பார்த்து லீன் என்று சொல்வது, பீங்கானில் எதுவும் படியவில்லை என்ற செய்தியை இன்ஜினில் காற்று அதிகம் என்ற செய்தியாகத் திரித்துப் படிப்பதாகும்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் கார்பரேட்டர் வண்டியில் மிக்சரை உண்மையிலேயே லீன் ஆக்குகிறதே, அப்படியானால் வெள்ளை பிளக் சொல்வது சரிதானே என்பார்கள். லீன் ஆக்குகிறது என்பது உண்மை. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்தால் தேவை சுமார் 13.5க்கு இறங்குகிறது. ஜெட்டின் துளை மாறவில்லை. அதன் வழியே ஏறக்குறைய அதே அளவு திரவம்தான் போகிறது. ஆக மிக்சர் சுமார் ஏழு சதவீதம் லீன் பக்கம் நகர்கிறது. ஆனால் பிளக் வெளுத்தது அந்த ஏழு சதவீதத்தால் அல்ல. ஜெட்டைச் சரியாகப் பெரிதாக்கி அந்த ஏழு சதவீதத்தை ஈடுகட்டிய பிறகும் அதே பெட்ரோலில் பிளக் வெள்ளையாகத்தான் இருக்கும். அப்போது என்ன செய்வார் நிறத்தை நம்பும் மெக்கானிக்? இன்னும் பெரிய ஜெட் போடுவார், பிஸ்கட் நிறம் வரும்வரை. இந்தப் பெட்ரோலில் அந்த நிறம் வர வேண்டுமானால் எரியாத கரி படிய வேண்டும். அந்த அளவுக்குப் போனால் மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கின் நிறம் சரியாகும். பிஸ்டன் ரிங் தேயும்.

இரண்டாவது மறுப்பு. கருப்பு எதைக் காட்டுகிறது? மிக்சரைக் காட்டுவதற்கு முன் வெப்பத்தைக் காட்டுகிறது. பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் மேலே படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். அதற்குக் கீழே இருந்தால் மிக்சர் எவ்வளவு சரியாக இருந்தாலும் கரி தங்கும். நன்றாக ஆவியாகிக் கலந்த மிக்சர் தானாகவே கரி விட வேண்டுமானால் பெட்ரோல் தேவையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்க வேண்டும். டியூனிங்கில் நாம் பேசும் வித்தியாசமோ 12.5க்கும் 14.7க்கும் இடையே உள்ளது. அந்த எல்லைக்குள் பிளக்கில் வரும் கருப்பு பெரும்பாலும் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாத பெட்ரோல் துளிகள் விட்டுச் செல்வது.

இப்போது திருவல்லிக்கேணியில் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மேன்ஷனில் குடியிருப்பவர் காலையில் சோக் போட்டு வண்டியை எடுக்கிறார். ஐஸ் ஹவுஸிலிருந்து அண்ணா சாலை வரை இரண்டு மூன்று கிலோமீட்டர். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஊர்ந்து, வாலாஜா சாலை சிக்னலில் நின்று, இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் கடை வாசலில் நிறுத்திவிடுகிறார். மாலையில் அதே பயணம் திரும்பி. இந்த வண்டியின் பிளக் கருப்பாகத்தான் இருக்கும். அது மிக்சரின் குற்றமல்ல, பயணத்தின் குணம். இதே வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு அங்கேயே பிளக்கைக் கழற்றினால் கரி எரிந்து வெளிறியிருக்கும். ஜெட் அதே, ஸ்க்ரூ அதே, பெட்ரோல் அதே. காலையில் ரிச், மதியம் லீன் என்று தீர்ப்பு மாறினால் குறை வண்டியில் இல்லை.

தீர்ப்போடு நின்றால் நஷ்டமில்லை. மெக்கானிக்கின் கை அடுத்து ஸ்க்ரூவுக்குப் போகிறதே, அங்கேதான் கேடு தொடங்குகிறது. 2020 மார்ச் வரை விற்ற கார்பரேட்டர் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிளக் கருப்பு என்றதும் கார்பரேட்டரின் பக்கவாட்டிலுள்ள சிறிய ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். அந்த ஸ்க்ரூ ஐட்லிங்கையும், ஆக்சிலரேட்டரை எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரையிலான மிக்சரையும் மட்டுமே பெரிதாக மாற்றும். அதற்கு மேல், கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை முடிவு செய்வது ஊசி. அதற்கும் மேலே மெயின் ஜெட். சிக்னலில் படிந்த கரியைப் பார்த்து ஸ்க்ரூவை லீன் பக்கம் திருகினால் ஐட்லிங் தடுமாறும், ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். உடனே வண்டிக்காரர் இன்னும் அதிக நேரம் சோக் போடுவார். பிளக் இன்னும் கருக்கும். திருகியது போதவில்லை என்று மறுபடி திருகுவார்கள். போதாக்குறைக்கு, இந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை ஆள்வது. உள்ளே திருகினால் ரிச். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை ஆள்வது. உள்ளே திருகினால் லீன். இரண்டையும் ஏர் ஸ்க்ரூ என்றே அழைப்பதால், லீன் ஆக்குவதாக எண்ணி ரிச் ஆக்குவதும் நடக்கிறது.

மூன்றாவது மறுப்பு. எந்த பிளக்கின் நிறம்? ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு வெப்ப எண் உண்டு. நுனியின் வெப்பத்தை வேகமாகச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துவது குளிர் பிளக். தங்கவைப்பது சூடான பிளக். ஒரே இன்ஜினில், ஒரே மிக்சரில், குளிர் பிளக் கருக்கும், சூடான பிளக் வெளுக்கும். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர். மைக்கோ என்று இங்கே பழகிய பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடு. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். மரை ஒன்றாகவும் நீளம் ஒன்றாகவும் இருந்தால் எதுவும் பொருந்திவிடும் என்பதால், கடையில் இருப்பதை வாங்கிப் போடுகிறார்கள். அப்படிப் போட்ட பிளக்கின் நிறத்தை வைத்து மிக்சரைப் பேச வேண்டுமானால் முதலில் அந்த பிளக்கின் எண்ணைத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டாக வேண்டும். நிறம் பார்ப்பவர்கள் அந்த எண்ணைப் படிப்பதே இல்லை.

வெளிப்புறத்தில் தெரியும் ஒரு கறையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வெள்ளைப் பீங்கான் உலோக உறையிலிருந்து வெளியேறும் இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று தெரியும். பிளக் வழியாக கம்ப்ரெஷன் கசிகிறது என்று சொல்லிப் புது பிளக் விற்பார்கள். அது கசிவல்ல. உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை ஈர்த்து ஒட்டவைப்பதால் வரும் கறை. பிளக்கின் வேலைக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

நான்காவது மறுப்பு. இன்ஜின் ஆரோக்கியம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பிளக் பார்ப்பது எரியும் அறையின் மேல்மூலையை. கேம் செயின் தளர்ந்ததை, கிராங்க் பேரிங் தேய்ந்ததை, கிளட்ச் பிளேட் கரைந்ததை அது பார்ப்பதில்லை. எரியும் அறைக்குள்ளேயே நடப்பதில்கூட முக்கியமானது அதற்குத் தெரியாது. எக்ஸாஸ்ட் வால்வின் டேப்பட் இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் விளிம்பு கருகத் தொடங்கினால் கம்ப்ரெஷன் மெல்ல இறங்கும், பிக்கப் போகும். அந்த வண்டியின் பிளக் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கக்கூடும். இதில் அதிகம் ஏமாறுகிறவர் பழைய வண்டி வாங்குபவர். ஓடோமீட்டரைத் திருத்துவதற்காவது கொஞ்சம் வேலை இருக்கிறது. பிளக்கை மாற்ற ஒரு நிமிடம் போதும். நல்ல நிறத்தில் உள்ள வேறொரு வண்டியின் பிளக்கைப் போட்டுவைத்தால் நிறம் பார்த்து வாங்குபவருக்கு அதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை.

நிறத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் பிளக் சில உண்மைகளைச் சொல்லும். அதை மறுப்பது அறியாமை. பிசுபிசுப்பாக ஈர ஆயில் படிந்திருந்தால் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ ஆயில் ஏறுகிறது. எலக்ட்ரோடு உருகியிருந்தால், பீங்கான் விண்டிருந்தால், அதன்மேல் பளபளக்கும் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தால் அந்த இன்ஜினை அதற்குமேல் ஓட்டக் கூடாது. பிஸ்டனின் உலோகம்தான் அங்கே தெறித்திருக்கிறது. எலக்ட்ரோடு தேய்ந்து இடைவெளி விரிந்திருந்தால் பிளக்கை மாற்ற வேண்டும். இவையெல்லாம் பொருளும் சேதமும் சொல்லும் சாட்சியம். பழுப்பில் எத்தனை சாயல் என்ற ஆராய்ச்சி இதில் சேராது.

முப்பது வருடமாக நிறம் பார்த்துத்தான் வேலை செய்கிறோம், வண்டிகள் சரியாகத்தானே போகின்றன என்ற கேள்விக்கு மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் பிளக்கைக் கழற்றும் முன்பே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஐட்லிங் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், மைலேஜ் குறைந்ததை வண்டிக்காரர் சொல்லியிருக்கிறார், புகையின் வாடை மூக்குக்கு எட்டியிருக்கிறது. பிளக்கின் நிறம் ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முத்திரை குத்துகிறது. அதன்பின் அவர் பிளக்கைச் சுத்தம் செய்கிறார் அல்லது மாற்றுகிறார், ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடுகிறார், டேப்பட் பார்க்கிறார். இவற்றில் ஏதோ ஒன்று வண்டியைச் சரிசெய்கிறது. புகழ் நிறத்துக்குப் போகிறது. மிக்சர் முன்பு என்னவாக இருந்தது, பிறகு என்ன ஆனது என்று யாரும் அளக்கவில்லை. அளக்காத முறை முப்பது வருடம் தவறாக இருந்தாலும் தன் தவறைத் தெரிந்துகொள்ள முடியாது.

அளப்பதற்குக் கருவி எங்கே, செலவு யார் கொடுப்பது என்பது கடைசி எதிர்வாதம். மிக்சரை அளக்கும் கருவி பல பெட்ரோல் பங்க்குகளிலேயே நிற்கிறது. புகைச் சான்றிதழ் கொடுக்கும் வாயு அளவி. எரிந்த புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மிக்சரின் விகிதத்தை ஒட்டியே ஏறி இறங்கும். தேவையான அளவு காற்று இருந்தால் அது ஒரு சதவீதத்துக்கு அருகில் நிற்கும். வெறும் பெட்ரோலில் விகிதம் 13க்கு இறங்கினால் மூன்று, நான்கு சதவீதத்தைத் தொடும். 2000க்குப் பிறகு வந்த பழைய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குச் சான்றிதழ் வரம்பே 3.5 சதவீதம்தான். சோதனைக்கும் எல்லை உண்டு. அது ஐட்லிங் மிக்சரை மட்டுமே காட்டும். சைலன்சரில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருந்தாலோ, புகையில் புதுக்காற்றைச் செலுத்தும் குழாய் இருந்தாலோ, சைலன்சர் ஓட்டையாக இருந்தாலோ கருவி எண்ணைக் குறைத்துக் காட்டும். ஆனால் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகுவதற்கு ஐட்லிங் அளவுதானே வேண்டும். அந்தக் காற்றுக் குழாயைத் தற்காலிகமாக அடைத்து, சூடான இன்ஜினில் எண்ணைப் பார்த்துக்கொண்டே திருகலாம். இன்ஜின் ஆரோக்கியத்துக்கு கம்ப்ரெஷன் கேஜ் இருக்கிறது. பிளக் துளையில் அதைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து, முள் ஏறி நிற்கும்வரை கிக் அடித்து, வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால் துளைவழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பாருங்கள். சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காக கம்ப்ரெஷனைத் தளர்த்தும் அமைப்புள்ள வண்டிகளில் எண் இயல்பாகவே குறையும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பெரும்பாலான பி.எஸ்.6 வண்டிகளில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அவற்றில் திருகுவதற்கு மிக்சர் ஸ்க்ரூ கிடையாது. சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், இன்ஜின் ஓடும்போதே புகையைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு கூட்டியது, எவ்வளவு குறைத்தது என்பதை ஸ்கேனரில் சதவீதமாகப் படிக்கலாம். அங்கே பிளக்கின் வெண்மையைப் பார்த்து இன்ஜெக்டரைச் சந்தேகிப்பவர் வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குகிறார்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்பது இது: புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு என்ற கட்டத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் படியுங்கள், ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். பிளக்கைக் கையில் எடுத்து ரிச் என்றோ லீன் என்றோ ஒருவர் சொன்னால், அந்த எண் என்ன என்றும், போட்டிருக்கும் பிளக்கின் வெப்ப எண் என்ன என்றும், கடைசியாக எவ்வளவு தூரம் எந்த வேகத்தில் ஓடிய பிளக் அது என்றும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வரும்வரை ஸ்க்ரூவில் கை வைக்க விடாதீர்கள்.